சுவரில் இருந்த லண்டன் ரயில் வரைபடத்தை போன் படத்தில் வாசிப்பது

கேள்வி: "அக்கா லண்டன் ஈஸ்ட் ஹாமில இருக்கிறா. வாற மாசம் அம்மா அங்க போறா. ஸ்டேசன் சுவரில இருந்த ரயில் மப்பை அக்கா போனில எடுத்து வட்ஸ்அப்பில அனுப்பினவ. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஒரே நிறத்தில ரெண்டு மூண்டு லைன் தெரியுது, சில இடத்தில வெள்ளை வட்டம், சில இடத்தில ரெண்டு வட்டம் சேர்ந்திருக்கு, பின்னால சாம்பலா நம்பர் போட்டிருக்கு. ஹீத்ரோவில இருந்து அக்கா வீட்டுக்கும், பிறகு வெம்பிளியில சித்தி வீட்டுக்கும் போற வழியை இதில பார்க்கலாமோ?"

பார்க்கலாம். லண்டனில் ஒரு நிலக்கீழ் ரயில் நிலையத்தின் ரிக்கெற் வாசலில் பல வருடங்கள் நின்று, வருகிறவர்களுக்கு இதே வரைபடத்தைக் காட்டி வழி சொன்னவன் நான். இப்போது கொக்குவிலில் இருக்கிறேன். அந்த வேலையில் கண்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிற எல்லோரும் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். சுவரில் இருக்கும் வரைபடத்தில் அது சரி. போனில் எடுத்த படத்தில் நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். கோட்டின் உருவத்தையும் வட்டத்தையும் முதலில் பாருங்கள். காரணம் இருக்கிறது. படத்தைச் சுருக்கி அனுப்பும்போது போன் வெளிச்ச விபரத்தை ஓரளவு காப்பாற்றிக்கொண்டு நிற விபரத்தைத்தான் கூடுதலாகக் கழிக்கும். ஆளின் முகத்தில் அது தெரியவராது. மெல்லிய நிறக் கோடுகள் ஒட்டி ஒட்டி ஓடும் படத்தில் ஒன்றின் நிறம் மற்றதில் கசிந்துவிடும். அதோடு நிலையத்து விளக்கின் மஞ்சளும் சேர்ந்தால் மண்ணிறம், கருஞ்சிவப்பு, ஊதா மூன்றையும் பிரிப்பது கஷ்டம்.

இனி, ஒரே நிறத்தில் இரண்டு மூன்று லைன் தெரிகிறதே, அது உங்கள் கண்ணின் பிழையும் இல்லை, முழுக்கப் படத்தின் பிழையும் இல்லை. வடிவாகப் பெருப்பித்துப் பாருங்கள். சில கோடுகள் உள்ளே நிறம் நிரம்பிய தடித்த கோடுகள். சில, நடுவில் வெள்ளை விட்டு இரண்டு மெல்லிய கோடுகளாக ஓடுபவை. நிரம்பிய கோடுகள் எல்லாம் அண்டர்கிறவுண்ட் லைன்கள். சென்ட்ரல் சிவப்பு, டிஸ்ரிக்ட் பச்சை, சேர்க்கிள் மஞ்சள், ஜூபிலி சாம்பல், பிக்கடிலி கடும் நீலம், விக்டோரியா இளநீலம், பேக்கர்லூ மண்ணிறம், மெற்றோபொலிட்டன் கருஞ்சிவப்பு, நோதேர்ண் கறுப்பு, ஹமர்ஸ்மித் அன்ட் சிற்றி ரோசா. இரட்டைக் கோடுகள் வேறு வகை ரயில்கள். 2022 மே மாதம் திறந்த எலிசபெத் லைன் ஊதா இரட்டைக் கோடு. கிழக்கே ஓடும் டொக்லண்ட்ஸ் ரயில் நீலப்பச்சை இரட்டைக் கோடு. ஓவர்கிறவுண்ட் என்று ஒரு வலை இருக்கிறது. முன்பு அது முழுக்க ஒரே செம்மஞ்சள் நிறத்தில் இருந்தது. 2024 நவம்பரில் அதை ஆறாகப் பிரித்து ஆறு பெயரும் ஆறு நிறமும் கொடுத்தார்கள்: லயனெஸ் மஞ்சள், மைல்ட்மே நீலம், விண்ட்ரஷ் சிவப்பு, வீவர் கருஞ்சிவப்பு, சஃப்ரஜெட் பச்சை, லிபேர்ட்டி சாம்பல். இந்த ஆறில் ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட அதே நிறத்தில் ஒரு அண்டர்கிறவுண்ட் லைன் ஏற்கனவே இருக்கிறது. சிவப்புக்குச் சென்ட்ரல், பச்சைக்கு டிஸ்ரிக்ட், மஞ்சளுக்கு சேர்க்கிள், சாம்பலுக்கு ஜூபிலி. நிரம்பிய சிவப்பா இரட்டைச் சிவப்பா என்று பார்த்தால்தான் எந்த லைன் என்று தெரியும். உங்களைக் குழப்பியது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

இதை வைத்தே அந்தப் படம் எவ்வளவு புதியது என்றும் கண்டுபிடிக்கலாம். செம்மஞ்சள் இரட்டைக் கோடுகள் படம் முழுக்க இருந்தால் அது 2024 மாற்றத்துக்கு முந்தைய வரைபடம். ஊதா இரட்டைக் கோடே இல்லையென்றால் 2022க்கும் முந்தையது. கறுப்பு நோதேர்ண் லைனில் கெனிங்டனில் இருந்து பற்றர்சி பவர் ஸ்டேசனுக்குப் போகும் கிளை இல்லையென்றால் 2021 செப்டெம்பருக்கும் முந்தையது. செம்மஞ்சள் படம் கிடைத்தாலும் எறிய வேண்டியதில்லை. அந்தத் தண்டவாளங்கள் அதே இடத்தில்தான் இருக்கின்றன, பெயரும் நிறமும் மட்டும்தான் மாறின. ஆனால் ஊதா இல்லாத படத்தை வைத்து ஹீத்ரோவில் இருந்து வழி பார்க்காதீர்கள், இப்போது உள்ள நேரடி வழி அதில் இருக்காது.

தூரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த வரைபடம் நில அளவைப் படம் அல்ல. ஹரி பெக் என்ற வரைஞர் 1931இல் இதன் முதல் உருவத்தை வரைந்தார், 1933இல் அச்சாகி வெளிவந்தது. கோடுகள் கிடையாக, நிலைக்குத்தாக, அல்லது 45 பாகை சரிவாக மட்டுமே போகும். நெருக்கமான நகர நடுவைப் பெரிதாக்கி, பரந்து கிடக்கும் புறநகரைச் சுருக்கினார். எங்கள் வடக்குப் பாதையை அவர் வரைந்திருந்தால் கொக்குவிலுக்கும் கோண்டாவிலுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளியோ, அதே இடைவெளியைத்தான் முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையிலும் விட்டிருப்பார். லண்டனில் கொவென்ட் கார்டனுக்கும் லெஸ்டர் ஸ்குவேயருக்கும் இடையில் 300 மீற்றரும் இல்லை, நடந்தே போகலாம். மெற்றோபொலிட்டன் லைனின் கடைசியில் செஷமுக்கும் அதற்கு முந்தைய நிலையத்துக்கும் இடையில் 6 கிலோமீற்றருக்கும் மேல். படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். ஆகவே விரலால் அளந்து "இது கிட்ட" என்று அம்மாவுக்குச் சொல்லிவிடாதீர்கள். நிலையங்களை எண்ணுங்கள். நேரத்துக்கு அதுதான் ஓரளவாவது பொருந்தும்.

வட்டங்களுக்கு வருவோம். லைனின் ஓரத்தில் சின்னக் கீறல் இருந்தால் அது சாதாரண நிலையம். கறுப்பு விளிம்போடு வெள்ளை வட்டம் இருந்தால் அங்கே லைன் மாறலாம். இரண்டு வட்டங்களைச் சிறு பாலம்போல ஒரு துண்டு இணைத்திருந்தால், மாறலாம், ஆனால் இடையில் நடக்க வேண்டும். அந்த நடை ஒரு சுரங்க வழியாகவும் இருக்கும், சில இடங்களில் வெளியே வந்து தெருவைக் கடப்பதாகவும் இருக்கும். ஹமர்ஸ்மித் இதற்கு நல்ல உதாரணம். அந்தப் பெயரில் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. ஒன்றில் டிஸ்ரிக்டும் பிக்கடிலியும், மற்றதில் சேர்க்கிளும் ஹமர்ஸ்மித் அன்ட் சிற்றியும். ஒன்றில் இருந்து மற்றதுக்குப் போக வெளியே வந்து வீதியைக் கடக்க வேண்டும். இதைவிட மோசமானது எட்ஜ்வெயர் றோட். அங்கேயும் ஒரே பெயரில் இரண்டு நிலையங்கள், ஆனால் படத்தில் அவை இணைக்கப்படவே இல்லை. பேக்கர்லூவில் ஒன்று, சேர்க்கிள், டிஸ்ரிக்ட் பக்கம் மற்றது. பெயரைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று நினைத்து இறங்கியவர்களுக்கு நான் எத்தனையோ தரம் வழி சொல்லியிருக்கிறேன். பெயர் ஒன்றாக இருப்பதை நம்ப வேண்டாம், வட்டம் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் நோ இருந்தால் இன்னொரு குறியும் முக்கியம். சில வட்டங்களுக்குள் சக்கர நாற்காலிப் படம் இருக்கும். வட்டம் முழுக்க நீலமாகி நாற்காலி வெள்ளையாக இருந்தால் தெருவில் இருந்து ரயில் பெட்டிக்குள்ளேயே படி இல்லாமல் போகலாம். வட்டம் வெள்ளையாகி நாற்காலி நீலமாக இருந்தால் மேடைவரைக்கும்தான் படி இல்லை, மேடைக்கும் ரயிலுக்கும் இடையில் உயர வித்தியாசமோ இடைவெளியோ இருக்கும். குறியே இல்லாவிட்டால் படிகள் உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். மங்கிய படத்தில் இந்த நீலமும் வெள்ளையும்தான் முதலில் கலங்கிப்போகும், எனவே இதை அந்தப் படத்தில் இருந்து முடிவு செய்ய வேண்டாம். லண்டன் போக்குவரத்துத் துறையின் tfl.gov.uk தளத்தில் இதே வரைபடம் கோப்பாகக் கிடைக்கிறது. அதை இறக்கினால் எவ்வளவு பெருப்பித்தாலும் கலங்காது. நிறம் பிரிக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்காக, நிறத்துக்குப் பதிலாகக் கோட்டின் கோலங்களை மாற்றிக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்ட வரைபடமும் அங்கே உண்டு. கண்ணில் வெண்படலம் உள்ளவர்களுக்கும் அது உதவும்.

இப்போது அம்மாவின் பயணம். ஹீத்ரோ படத்தின் இடது பக்க ஓரத்தில் இருக்கும், ஈஸ்ட் ஹாம் வலது பக்கத்தில். ஹீத்ரோவில் இருந்து இரண்டு கோடுகள் புறப்படும், ஒன்று ஊதா இரட்டைக் கோடு, மற்றது நிரம்பிய கடும் நீலம். ஊதாவைப் பிடித்து வலது பக்கமாகப் போனால் பெடிங்டன், லிவர்பூல் ஸ்றீட் தாண்டி வைற்சப்பல் வரும். அங்கே வெள்ளை வட்டம் இருக்கிறது, பச்சையும் ரோசாவும் அருகருகே அதைத் தொட்டுப் போகும். அங்கே இறங்கி, கிழக்கு நோக்கிப் போகும் பச்சையிலோ ரோசாவிலோ ஏறலாம். இரண்டும் ஒரே தண்டவாளத்தில்தான் ஓடுகின்றன. வெஸ்ட் ஹாம், பிளைஸ்ரோ, அப்ரன் பார்க், அடுத்தது ஈஸ்ட் ஹாம். ஒரேயொரு மாற்றம்தான்.

நீலத்தைப் பிடித்தால் பிக்கடிலி லைனில் ஹமர்ஸ்மித் வரை வந்து, பச்சை டிஸ்ரிக்ட் லைனுக்கு மாற வேண்டும். அதுவும் ஒரு மாற்றம்தான். அங்கே அந்த இரண்டு லைனும் ஒரே மேடையின் இரண்டு பக்கத்திலும் வந்து நிற்கும். பெட்டியில் இருந்து இறங்கி எதிர்ப்பக்கம் நான்கு எட்டு வைத்தால் போதும், படி ஏறி இறங்க வேண்டியதில்லை. இப்படி எதிர்ப்பக்கத்தில் மாறுவதும், ஆழத்தில் இருந்து லிப்ற் பிடித்து ஏறி மாறுவதும் வரைபடத்தில் ஒரே வெள்ளை வட்டமாகத்தான் இருக்கும். அங்கே நடந்து பார்த்தவர்கள் சொன்னால்தான் வித்தியாசம் தெரியும். ஆனால் நீல வழியில் நேரம் கூடுதலாகப் போகும், ரயில் பழசு, பெட்டி வைக்க இடம் குறைவு. பெரிய பயணப் பெட்டிகளோடு வருகிற வயதான ஒருவருக்கு நான் ஊதாவைத்தான் சொல்வேன். நகர நடுவுக்கு வரும் ஹீத்ரோ பயணங்களில் ஊதாவின் கட்டணம் நீலத்தைவிடக் கூட. நீளப் பறப்புக்குப் பிறகு அந்த வித்தியாசம் கொடுக்கத் தகுந்தது என்பது என் அபிப்பிராயம். அக்கா கூட்டிக்கொண்டு வரப் போகிறா என்றால் எது என்றாலும் பரவாயில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறம் லைனைத்தான் சொல்லும், அந்த ரயில் எங்கே போய் முடியும் என்று சொல்லாது. டிஸ்ரிக்டுக்குக் கிளைகள் பல. ஹமர்ஸ்மித்தில் வரும் பச்சை ரயில்களில் சில ஈஸ்ட் ஹாமுக்கு முன்னாலேயே நின்றுவிடும். வைற்சப்பலில் ஏறும் ரயில்களிலும் சில பிளைஸ்ரோவோடு முடியும், அது ஈஸ்ட் ஹாமுக்கு இரண்டு நிலையம் முன்னால். அம்மாவின் கையில் ஒரு துண்டுக் கடதாசியில் "அப்மின்ஸ்டர் அல்லது பார்க்கிங்" என்ற இரண்டு பெயரையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள். மேடைப் பலகையில் அந்தப் பெயர் வருகிற ரயிலில் ஏறினால் ஈஸ்ட் ஹாம் வந்தே தீரும்.

சாம்பலாகத் தெரியும் எண்கள் கட்டண வலயங்கள். நடுவில் 1ஆம் வலயம், அதைச் சுற்றி 2, 3 என்று வெளியே போகும். வரைபடத்தில் ஒரு வலயம் வெள்ளை, அடுத்தது மெல்லிய சாம்பல், பிறகு மறுபடி வெள்ளை என்று மாறி மாறி வரும். போன் படத்தில் அந்த மெல்லிய சாம்பல் நிழல் அனேகமாக அழிந்துபோகும், எண் மட்டும் தனியாக மிதப்பதுபோல் தெரியும். ஹீத்ரோ 6ஆம் வலயம். ஈஸ்ட் ஹாம் 3க்கும் 4க்கும் எல்லையில் இருக்கிறது. எல்லையில் உள்ள நிலையத்தை உங்கள் பயணத்துக்கு எது மலிவோ அந்த வலயமாகக் கணக்கிடுவார்கள். கட்டணம் தூரத்தைப் பார்ப்பதில்லை, எந்த எந்த வலயங்களைத் தொட்டுப் போகிறீர்கள் என்றுதான் பார்க்கும். அதிலும் 1ஆம் வலயத்தைத் தொட்டால் விலை ஏறும். கிழமை நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் நெரிசல் நேரக் கட்டணம். ஹீத்ரோவுக்கும் 1ஆம் வலயத்துக்கும் இடையில் மட்டும் எந்த நேரமும் நெரிசல் நேரக் கட்டணம்தான். பவுண் கணக்கை நான் இங்கே எழுதவில்லை, வழக்கமாக மார்ச்சில் மாற்றுவார்கள். பயணத்துக்கு முதல்நாள் tfl.gov.uk தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்தி வீட்டுப் பயணத்தில்தான் இந்த வலயங்கள் சுவாரசியமாகின்றன. முதலில் எந்த வெம்பிளி என்று கேளுங்கள். படத்தில் வெம்பிளி பார்க் சாம்பல் ஜூபிலி லைனில் இருக்கிறது, வெம்பிளி சென்ட்ரல் மண்ணிறப் பேக்கர்லூவில். ஈலிங் றோட் தமிழ்க் கடைகளுக்குக் கிட்ட என்று சித்தி சொன்னால் அது சென்ட்ரலாகவோ, பிக்கடிலி லைனில் உள்ள அல்பெர்ட்டனாகவோ இருக்கும். மூன்றும் 4ஆம் வலயம்தான். வெம்பிளி பார்க் என்று வைத்துக்கொள்வோம். சுலபமான வழி, ஈஸ்ட் ஹாமில் பச்சையில் ஏறி வெஸ்ட் ஹாமில் இறங்கி, சாம்பல் ஜூபிலிக்கு மாறி, ஒரே ரயிலில் வெம்பிளி பார்க் போய் இறங்குவது. விரலால் அந்தச் சாம்பல் கோட்டைத் தொடர்ந்து பாருங்கள், லண்டன் பிரிட்ஜ், வோட்டர்லூ, பொண்ட் ஸ்றீட் என்று 1ஆம் வலயத்தைக் குறுக்கறுத்துத்தான் போகிறது. கட்டணம் 1 முதல் 4 வரையுள்ள வலயங்களுக்கு.

மலிவான வழி 1ஆம் வலயத்தைச் சுற்றிப் போவது. வெஸ்ட் ஹாமில் ஜூபிலிக்கு மாறி, எதிர்த்திசையில் ஸ்ரட்ஃபோட் போங்கள். அங்கே நீல இரட்டைக் கோடு, அதாவது மைல்ட்மே லைன், தொடங்குகிறது. அது நகரின் வடக்குப் பக்கமாக வளைந்து வெஸ்ட் ஹம்ஸ்ரெட் வரும். அங்கே இறங்கி வெளியே வந்து, தெருவில் சில நிமிடம் நடந்து ஜூபிலி நிலையத்துக்குள் போய் வெம்பிளி பார்க்குக்கு ஏறலாம். படத்தில் அந்த இடத்தில் வட்டங்கள் இணைந்திருப்பதைக் காண்பீர்கள், அந்த இணைப்புத்தான் இந்தத் தெரு நடை. இப்படிப் போனால் தொடுவது 2, 3, 4 மட்டும்.

ஆனால் வாசலில் உள்ள இயந்திரத்துக்கு நீங்கள் எந்த வழியால் வந்தீர்கள் என்று தானாகத் தெரியாது. ஏறிய இடமும் இறங்கிய இடமும் மட்டும் தெரிந்தால் வழக்கமான வழி என்று எண்ணி 1ஆம் வலயக் கட்டணத்தை எடுத்துவிடும். அதற்காகத்தான் ஸ்ரட்ஃபோட் போன்ற நிலையங்களில் மேடையில் ரோசா நிற அட்டை வாசிப்பான்கள் நிற்கின்றன. மாறும்போது அதில் அட்டையைத் தொட்டால், சுற்றி வந்ததற்குச் சாட்சி. அது பணத்தை எடுக்காது, கதவும் திறக்காது. வெஸ்ட் ஹம்ஸ்ரெட்டில் வெளியே வரும்போது தொட்டு, மற்ற நிலையத்தில் உள்ளே போகும்போது மறுபடி தொட வேண்டும். குறித்த நேரத்துக்குள் தொட்டால் இரண்டையும் ஒரே பயணமாகச் சேர்த்துவிடும். இடையில் கடையில் தேத்தண்ணி குடித்துச் சுணங்கினால் இரண்டு தனிப் பயணமாகிவிடும், மலிவு வழி போய்விடும். அம்மா தனியாகப் போவதானால் சுலபமான வழியே நல்லது. அக்காவும் கூடப் போய், இருவரும் அடிக்கடி போய்வருவார்கள் என்றால் இந்தச் சுற்று வழி பழகத் தகுந்தது.

அட்டையைப் பற்றி ஒன்று. ஒரு ஆளுக்கு ஒரு அட்டை, அக்காவின் அட்டையில் அம்மாவும் சேர்ந்து போக முடியாது. உள்ளே போகத் தொட்ட அதே அட்டையையே வெளியே வரவும் தொட வேண்டும். உள்ளே வங்கி அட்டையால் தொட்டுவிட்டு வெளியே அதே கணக்குள்ள போனால் தொட்டால் இயந்திரத்துக்கு அவை இரண்டு வேறு ஆட்கள். இரண்டுமே முடிவுறாத பயணமாகி இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் விழும். இலங்கை வங்கி அட்டை வேலை செய்தாலும் வெளிநாட்டுப் பரிமாற்றக் கழிவு சேரலாம், அதனால் முன்கூட்டிக் காசு போட்டுப் பயணிக்கும் ஒய்ஸ்டர் அட்டை ஒன்றை அம்மாவுக்கு அக்கா வாங்கி வைப்பது வசதி. ஹீத்ரோவிலேயே இயந்திரத்தில் வாங்கலாம்.

அந்தப் படத்தில் இருந்து நான் சொல்லக்கூடியவை இவ்வளவும். இன்னும் ஒன்று செய்யுங்கள்: அக்காவிடம் வரைபடத்தின் மூலையில் உள்ள குறிவிளக்கப் பெட்டியைத் தனியாக நேரே நின்று எடுத்து, வட்ஸ்அப்பில் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். ஆவணமாக அனுப்பினால் அது சுருங்காது. அந்தப் பெட்டியில் ஒவ்வொரு நிறத்துக்கும் பக்கத்தில் லைனின் பெயர் இருக்கும். அதையும், சித்தி வீட்டுக்குக் கிட்டிய நிலையத்தின் பெயரையும் இங்கே போட்டால், வெம்பிளி சென்ட்ரலோ அல்பெர்ட்டனோ என்றாலும் எங்கே மாறுவது என்று எழுதுகிறேன். சென்ட்ரல் என்றால் இப்போதே ஒன்றைக் குறித்து வையுங்கள். பச்சையில் எம்பாங்மென்ட் வரை போய் அங்கே பேக்கர்லூவுக்கு மாற வேண்டும். ஆனால் பேக்கர்லூ ரயில்கள் பல குயின்ஸ் பார்க்கிலோ ஸ்ரோன்பிரிட்ஜ் பார்க்கிலோ நின்றுவிடும். பலகையில் ஹரோ அன்ட் வீல்ட்ஸ்ரோன் என்று வந்தால் மட்டுமே ஏற வேண்டும்.